நைட் டியூட்டியில் எழுதும் நாலு வரி: இங்கிலாந்து போகும் நீலகிரி நர்ஸுகளுக்கு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்திலிருந்து இங்கிலாந்து நர்சிங் ஹோம்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் என்னிடம் குளிரைப் பற்றியும் வாடகையைப் பற்றியும்தான் அதிகம் கேட்கிறார்கள். இரண்டையும் போய்ப் பத்து நாளில் பழகிக்கொள்ளலாம், நம் ஊர்க்காரர்களுக்குக் குளிர் ஒரு விஷயமே இல்லை. நான் உட்காரவைத்துச் சொல்வது வேறொன்றை. அங்கே ஒரு முதியவர் தரையில் கிடந்தால் நீங்கள் எழுத வேண்டிய இன்ஸிடென்ட் ரிப்போர்ட்டைப் பற்றி.

அந்த ரிப்போர்ட்டை முதலில் மேனேஜர் படிப்பார், பிறகு குடும்பத்தார் கேட்பார்கள். அந்த முதியவர் இறந்துபோய், மரணம் இயற்கையானதல்ல என்ற சந்தேகம் வந்தால், மரணத்தை விசாரிக்கும் அதிகாரியான கொரோனரின் விசாரணைக்குப் போகும். உங்களை வேலையை விட்டு நீக்கி நீங்கள் எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனலுக்குப் போனால், அங்கேயும் அதே தாள்தான் மேசைக்கு வரும். எழுதும்போது இது எதுவும் தெரியாது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கியதே இல்லை. ஒரு தாளில் இருக்கும் தேதியும் பெயரும் பல வருஷம் கழித்து என்ன செய்யும் என்பதைத் தாத்தா பாட்டி சொல்லியே கேட்டிருக்கிறார்கள்.

போன மாதம் கட்டபெட்டுவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் பயிற்சிக்காக ஒரு சம்பவம் கொடுத்தேன். எண்பது தாண்டிய மூதாட்டி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், இரவில் அறையில் தரையில் கிடக்கிறார். அவள் எழுதியது: "நோயாளி பாத்ரூம் போக எழுந்து கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். கட்டில் கம்பி ஏற்றியே இருந்தது. வலி இல்லை. உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம்."

"அக்கா, சுருக்கமா, தெளிவாத்தானே இருக்கு?" என்றாள்.

சுருக்கம் சரி. ஆனால் அவர் விழுந்ததை யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. பாத்ரூம் போக எழுந்தார் என்பது ஊகம். கம்பி ஏற்றியிருந்ததை அறைக்குள் நுழைந்தபோது பார்த்தாளா, இல்லை தினமும் ஏற்றிவைப்போம் என்பதால் எழுதினாளா? "வலி இல்லை" என்று பாட்டி சொன்னாரா, முகத்தைப் பார்த்து இவள் முடிவு செய்தாளா? "உடனே" என்பது எத்தனை நிமிஷம்? "கூப்பிட்டோம்" என்றால் போனை எடுத்தது யார்? குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு இந்த நாலு வாக்கியம் போதும், அரை மணி நேரம் நிற்கவைப்பார். அவள் பொய் எழுதவில்லை. பார்த்தது, கேட்டது, நினைத்தது மூன்றையும் ஒரே சட்டியில் கிண்டிவிட்டாள், அவ்வளவுதான்.

கொடுத்த சம்பவத்தை மறுபடி பார்த்துத் திருத்தி எழுதவைத்தது இப்படி வந்தது: "01:52-க்கு அறைக்குள் நுழைந்தேன். அவர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வலது பக்கமாகத் தரையில் கிடந்தார். விழுந்ததை நான் பார்க்கவில்லை. கட்டிலின் இரு பக்கக் கம்பியும் இறங்கியிருந்தன. அழைப்பு மணி தலையணை மேல் இருந்தது. 'இடுப்பு வலிக்கிறது, தலை வலிக்கவில்லை' என்று சொன்னார். வலது புருவத்துக்கு மேல் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வீக்கம் இருந்தது. அவரை நகர்த்தவில்லை. 02:04-க்கு 999-ஐ நான் அழைத்தேன்." பிறகு நாடி, ரத்த அழுத்தம், நினைவு நிலை, ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தோடு. கடைசியில் ஒரு வரி: "ஈரமான தரையில் பாத்ரூம் பக்கம் நோக்கிய காலடித் தடம் இருந்ததால், அங்கே போக எழுந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்." ஊகம் எழுதக் கூடாது என்றில்லை. ஊகம் என்று சொல்லி, எதை வைத்து என்றும் சொன்னால் அது யாரையும் ஏமாற்றாது.

கம்பி இறங்கியிருந்தது என்று எழுதியபோது அவள் கை தயங்கியது. "நம்ம மேல வந்துடாதா அக்கா?" வரலாம். ஆனால் அந்த அறைக்கு வந்த ஆம்புலன்ஸ்காரரும் தன் குறிப்பில் அதை எழுதியிருப்பார். இரண்டு தாளும் மோதினால், கம்பி விஷயத்தோடு நீங்கள் எழுதிய மற்றதெல்லாமும் சேர்ந்து சந்தேகத்துக்குப் போகும்.

இன்னொன்று, நம் ஊரில் பழக்கமே இல்லாதது. அங்கே வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி ஆனதும் முள்ளை ஒன்றுக்குத் திருப்புவார்கள். 2025-ல் அது அக்டோபர் 26. அந்த ராத்திரி 01:00 முதல் 02:00 வரை இரண்டு முறை வரும். மேலே சொன்ன சம்பவம் அந்த ராத்திரி நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 01:52-க்குப் பார்த்தீர்கள், பன்னிரண்டு நிமிஷம் கழித்து 999-ஐ அழைத்தீர்கள். அழைப்புப் பதிவில் அது 01:04. தாளை மட்டும் படிப்பவருக்கு, பாட்டியைக் கண்டுபிடிப்பதற்கு 48 நிமிஷம் முன்பே ஆம்புலன்ஸ் கூப்பிட்டதாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில், முள்ளைத் திருப்பும் முன் என்றால் பி.எஸ்.டி. (கோடை நேரம்), திருப்பிய பின் என்றால் ஜி.எம்.டி. என்று எழுதுங்கள். எந்தக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கம்ப்யூட்டர் தானாக மாறிக்கொள்ளும், சுவர்க் கடிகாரம் யாராவது ஏணி போட்டு ஏறும் வரை மாறாது.

தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் இனிஷியல், தேதி, நேரம். ஒயிட்னர் வேண்டாம். ஷிஃப்ட் முடிந்தபின் ஞாபகம் வந்ததைப் பழைய குறிப்புக்குள் நுழைக்காமல், பிறகு சேர்த்தது என்று சொல்லி, இப்போதைய நேரத்தையும் சம்பவ நேரத்தையும் இரண்டாகப் போட்டுப் புதுக் குறிப்பாக எழுதுங்கள். கம்ப்யூட்டர் பதிவில் யார் எப்போது மாற்றினார் என்பது பெரும்பாலும் உள்ளே தங்கிவிடும், அதைக் கேட்டு வாங்க முடியும்.

மேலே இருப்பவர் "கம்பி ஏறியிருந்ததுன்னு மாத்திடு" என்று சொல்வதும் நடக்கும். ஸ்பான்ஸர் விசா கையில் இருக்கும்போது மறுப்பது லேசல்ல, எனக்குத் தெரியும். ஆனால் குறிப்பைப் பொய்யாக்குவது, அங்கே நர்ஸுகளைப் பதிவு செய்யும் என்.எம்.சி.-யில் உள்ள உங்கள் பதிவையே ஆட்டிவிடும், அப்போது விசாவும் சேர்ந்து போகும். "நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்த்ததை நீங்கள் தனியாக எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சையே நாளும் நேரமும் போட்டு உங்கள் சொந்த நோட்டில் குறித்துவையுங்கள். நோயாளியின் பதிவை மட்டும் போனில் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது தனிக் குற்றச்சாட்டாகத் திரும்பும்.

சில வாரம் கழித்து கொரோனருக்காக வாக்குமூலம் கேட்டால், முதலில் உங்கள் பழைய குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கொரோனர் தேடுவது இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி என்பதைத்தான். யார்மீது சட்டப் பொறுப்பு என்று தீர்ப்பது அவர் வேலை இல்லை. அதனால் தற்காப்புப் பேச்சு அங்கே எடுபடாது. யாரும் மறுக்காத தெளிவான வாக்குமூலமாக இருந்தால் உங்களை வரவழைக்காமலே படித்து முடித்துவிடவும் கூடும்.

இங்கிலாந்து சிவில் கோர்ட்டில் சாட்சி வாக்குமூலம் சாட்சியின் சொந்த மொழியில் இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. ஆங்கிலத்தில் திணறும் உறவினர் யாராவது சாட்சி சொல்ல வேண்டி வந்தால், அவர் தமிழில் சொல்வதைத் தமிழிலேயே எழுதி, மொழிபெயர்ப்பை இணைத்துக் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் நீங்களே அவருக்காக எழுதி, கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். யூனியனில் சேர்ந்திருந்தால் எந்த வாக்குமூலத்தையும் கொடுக்கும் முன் அவர்களிடம் காட்டுங்கள். கொடுத்ததன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.