வழக்கை வாபஸ் வாங்கிட்டு செட்டில்மென்ட் பேப்பரை மட்டும் கையில வெச்சிருக்காதீங்க

கொழும்புல வியாபாரத் தகராறை மீடியேஷன்ல பேசி முடிக்கிற நிறைய பேர் ஒரே பிழையை விடுறாங்க. விஷயம் வெளியில தெரியக் கூடாதுங்கிறதுலயே கவனம் போயிடும், காசு வராட்டி அந்தப் பேப்பரை வெச்சு என்ன செய்யலாம்னு கையெழுத்துப் போடுற அன்னைக்கு யாரும் கேக்கிறதில்ல.

உதாரணத்துக்கு, புறக்கோட்டையில ஒரு துணி ஹோல்சேல் கடை. மஹரகமயில ஒரு கம்பெனி அவங்ககிட்ட கடனுக்கு சரக்கு எடுத்து 90 லட்சம் நிலுவை. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்துல வழக்கு நடக்குது. இடையில மீடியேட்டர் வந்து 72 லட்சத்துக்கு ரெண்டு பக்கமும் இணங்கி, மாசம் 6 லட்சமா 12 தவணை, கம்பெனி டைரக்டர் தன் சொந்தப் பொறுப்பும் தாறார்னு எழுதி எல்லாரும் சைன் வெச்சாச்சு. "ரகசியமா இருக்கட்டும்"னு சொல்லி கடைக்காரர் வழக்கை வாபஸ் வாங்கிட்டார். மூணு தவணை வந்துச்சு, நாலாவது வரல.

இப்ப அவர் கையில இருக்கிறது வெறும் ஒப்பந்தம் மட்டும்தான். மீடியேட்டர் சைன் இருக்குங்கிறதால அது நீதிமன்றம் தீர்த்துக் கொடுக்கிற டிக்ரி ஆகிடாது. காசு வேணும்னா அந்த ஒப்பந்தத்தை வெச்சு புதுசா வழக்குப் போட்டு, அழைப்பாணை, மறுமொழி, வழக்குத் தவணை மேல தவணைன்னு திரும்ப புதுக்கடை நீதிமன்றத்துக்கு அலையணும். பழைய 90 லட்சத்தை கேக்கலாமேன்னா அதுவும் கஷ்டம், ஏன்னா புது வழக்குப் போட நீதிமன்ற அனுமதி எடுக்காம வாபஸ் வாங்கினா, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையோட 406ம் பிரிவு அதே விஷயத்துக்கு திரும்ப வழக்குப் போட விடாது.

செஞ்சிருக்க வேண்டியது 408ம் பிரிவு. செட்டில்மென்ட் ஆச்சுன்னு ரெண்டு தரப்பும் மோஷன் மூலமா நீதிமன்றத்துக்கு அறிவிச்சா, அந்த நிபந்தனைகள்படி டிக்ரி கொடுப்பாங்க. அதுக்குப் பிறகு தவணை தவறினா புது விசாரணை இல்ல, நேரா ரிட் எடுத்து சொத்தைப் பிடிக்கிற வழிக்குப் போகலாம்.

ஆனா அந்தப் பிரிவை முழுசா வாசிங்க. டிக்ரி வாறது அந்த வழக்கோட சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும்தான். நம்ம உதாரணத்துல டைரக்டர் வழக்குல ஒரு தரப்பே இல்ல, வழக்கு கம்பெனி மேல. அப்ப அவர் கொடுத்த சொந்தப் பொறுப்பு டிக்ரிக்கு வெளிய நிக்கும், அவர் வீட்டு மேல ரிட் எடுக்க முடியாது. இணங்குற நேரத்துலயே அவர் சம்மதத்தோட அவரையும் வழக்குல ஒரு தரப்பா சேர்க்கப் பாக்கணும், முடியாட்டி தனியா எழுத்துல உத்தரவாதமாவது வாங்கி வைக்கணும்.

வசனமும் முக்கியம். "வசதி வந்ததும் கட்டுவார்"னு எழுதினா ரிட்டை நிறைவேத்துற எந்த பிஸ்கலும் அதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. 90 லட்சம் கடனை ஒத்துக்கிறார்னு முதல்ல எழுதுங்க, 72 லட்சத்தை திகதிப்படி கட்டினா மிச்ச 18 லட்சம் விட்டுக்கொடுக்கப்படும், ஒரு தவணை தவறினாலும் 90ல கட்டினதைக் கழிச்சு மிச்சம் முழுக்க உடனே கட்டணும்னு எழுதுங்க. மூணு தவணையில 18 லட்சம் வந்திருந்தா இப்ப 72 லட்சத்துக்கு ரிட் கேக்கலாம்.

சரி, நீதிமன்றத்துல போட்டா ரகசியம் போயிடுமேன்னு கேப்பீங்க, நியாயமான கவலைதான். அதுக்கு தொகை, திகதி, தவறினா என்ன, இவ்வளவையும் மட்டும் நீதிமன்றத்துல போடுற பேப்பர்ல வெச்சு, விலை விபரம், கஸ்டமர் லிஸ்ட் மாதிரி விஷயங்களை வேற ஒப்பந்தத்துல வைக்கலாம். அந்த ரெண்டாவதுல இருக்கிறதுக்கு ரிட் கிடைக்காதுங்கிறதை தெரிஞ்சே வையுங்க. ரகசிய நிபந்தனையிலயும் ஓடிட்டர், பேங்க், வரி, அதோட இந்த ஒப்பந்தத்தை அமுல்படுத்துற வழக்கு, இதுக்கெல்லாம் விதிவிலக்கு எழுதணும், இல்லாட்டி காசு கேட்டு நீதிமன்றம் போறதே ஒப்பந்த மீறல்னு மற்றப் பக்கம் நிப்பாங்க.

மீடியேஷன்ல பேசினதை பற்றியும் ஒண்ணு. சாட்சியா கொண்டு வரக் கூடாதுங்கிற உடன்பாட்டோட சொன்ன ஒப்புதலை சிவில் வழக்குல சான்றுக் கட்டளைச் சட்டம் 23ம் பிரிவு ஏத்துக்காது, அதனால பேச்சு ஆரம்பிக்க முன்னமே எழுத்துல அந்த உடன்பாட்டை வாங்குங்க. ஆனா ஏற்கனவே இருந்த இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் மீடியேஷன் மேசைக்கு வந்ததால ரகசியம் ஆகிடாது.

மற்றப் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனின்னா வழி வேற. சிங்கப்பூர் மீடியேஷன் உடன்படிக்கைக்கு இலங்கை 2024ல சட்டம் கொண்டு வந்திருக்கு, அதுல எழுத்துல சைன் வெச்ச சர்வதேச வியாபார செட்டில்மென்ட்டை நேரா அமுல்படுத்தக் கேக்கலாம். அது மீடியேஷன்ல வந்ததுங்கிறதுக்கு அத்தாட்சி வேணும், அதனால மீடியேட்டர்கிட்ட அங்கயே சைன் வாங்கிடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு தேடிப் போகாம.

கட்டுற பக்கம் நிக்கிறவங்களுக்கும் ஒண்ணு: டிக்ரி வந்த பிறகு நீதிமன்றத்துக்கு வெளிய காசு கட்டினா, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையோட 349ம் பிரிவுப்படி அதை நீதிமன்றத்துல பதிவாக்கணும். பதியாத கொடுப்பனவை நீதிமன்றம் கணக்குல எடுக்காது, வாட்ஸ்அப்ல "காசு கிடைச்சுது"ன்னு வந்த மெசேஜ் மட்டும் போதாது.