எண்ணாகமம் 14: எபிரேய சத்தியத்தை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினா எங்கெல்லாம் தப்பு வரும்

எபிரேயத்துல "இம்" அப்படின்னா "-ஆல்", அதாவது "வந்தால், போனால்"ல வர்ற ஆல். இதை மட்டும் நம்பி, இஸ்ரவேல் ஜனங்களைப் பத்தி கர்த்தர் சத்தியம் பண்ணிச் சொல்ற எண்ணாகமம் 14:23ஐ நான் மொழிபெயர்த்தேன், "அவர்கள் பிதாக்களுக்கு நான் ஆணையிட்ட தேசத்தை அவர்கள் கண்டால்" அப்படின்னு. அதை வாசிச்சுக் காட்டினப்போ ஒரு வயசான அத்தை "கண்டால்... அப்புறம் என்னப்பா ஆகும்?"னு கேட்டாங்க. அப்புறம் ஒண்ணுமே இல்ல, வாக்கியம் அங்கேயே முடியுது. ஆனா எபிரேயம் சொல்றது "நிச்சயமா காணவே மாட்டாங்க"ன்னு, என் வரியில அது கொஞ்சமும் இல்ல.

இது ஏன் இப்படின்னா, அந்தக் காலத்து சத்தியம் தன் மேலேயே சாபம் போட்டுக்கிற சத்தியம். முழு வடிவம் 2 சாமுவேல் 3:35ல இருக்கு, சூரியன் மறையிறதுக்கு முன்னாடி அப்பம் சாப்பிட்டா தேவன் எனக்கு இப்படியும் செய்யட்டும், இதுக்கு மேலயும் செய்யட்டும்னு தாவீது சொல்றார். பல இடத்துல அந்த சாபத்தைச் சொல்லாம "சாப்பிட்டால்"னு மட்டும் நிறுத்திடுவாங்க, கேக்குறவங்களுக்கு மிச்சம் புரியும். நம்ம ஊர்லயும் சண்டை போட்டுட்டு வர்றவங்க "இனிமே அந்த வாசப்படிய மிதிச்சேன்னா பாரு!"ம்பாங்க, மிதிக்க மாட்டேன்னுதான் அர்த்தம். ஆனா பேச்சுல அந்த "பாரு"வும் குரலும் இருக்கு, எழுத்துல வெறும் "மிதித்தால்"னு வெச்சா வாசிக்கிறவர் அந்தரத்துல நிப்பார்.

இதுக்கு நேர் எதிர் "இம் லோ", சொல்லுக்கு சொல் "இல்லாவிட்டால்". அதே அதிகாரம் 28ஆம் வசனத்துல, நீங்க என் காது கேக்கப் பேசினபடியே உங்களுக்கு "செய்யாவிட்டால்"னு நிக்குது. இந்த வனாந்தரத்துலயே செத்திருக்கலாமேன்னு ஜனங்க 2ஆம் வசனத்துல புலம்பினாங்களே, அதைத்தான் குறிக்குது, அதனால அர்த்தம் "கண்டிப்பா செய்வேன்". இங்க இருக்கிற "லோ"வைப் பார்த்து "செய்யமாட்டேன்"னு போட்டா தீர்ப்பே தலைகீழா மாறிடும், எனக்குத் தெரிஞ்சு இதுல வரக்கூடிய ரொம்ப ஆபத்தான தப்பு இதுதான். சுருக்கமா, சத்தியத்துல "இம்" வந்தா மறுப்பு, "இம் லோ" வந்தா உறுதி.

அதுக்காக எல்லா "இம்"மையும் மறுப்பா மாத்தக் கூடாது. 8ஆம் வசனத்துல, கர்த்தர் நம்ம மேல பிரியமா இருந்தா நம்மளை அந்த தேசத்துக்குக் கொண்டுபோவார்னு யோசுவாவும் காலேபும் சொல்றாங்க, அது சாதாரண "ஆல்". எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா ரெண்டு விஷயம் பாக்கணும், முன்னாடி ஆணையிட்டேன், "ஹை ஆனி" மாதிரி சத்திய வார்த்தை இருக்கா, "ஆல்"க்கு அப்புறம் வர வேண்டிய விளைவு இருக்கா. 8ல சத்திய வார்த்தை இல்ல, விளைவு இருக்கு. 28ல "ஹை ஆனி" இருக்கு, விளைவு இல்ல. அந்த "ஹை ஆனி"யையும் "நான் உயிரோடிருக்கிறேன்"னு போட்டா யாரோ நலம் விசாரிச்சதுக்கு பதில் சொன்ன மாதிரி ஆயிடும், "என் உயிர் மேல ஆணை"ங்கிறதுதான் விஷயம்.

30ஆம் வசனம் இன்னும் சிக்கல். முதல்ல "நீங்கள் அந்த தேசத்தில் நுழைந்தால்", அதாவது நுழையவே மாட்டீங்க. அடுத்து "நான் என் கையைத் தூக்கின" தேசம்னு வருது, எபிரேயத்துல கை தூக்குறது ஆணையிடுறது, தமிழ்ல கை தூக்கினான்னா அடிக்க ஓங்கினான்னு தோணும், அதனால "ஆணையிட்டுக் கொடுத்த"ன்னு எழுதணும். கடைசியில "கி இம்", இதுலயும் "இம்" இருக்கேன்னு பிரிச்சுப் பாத்தா குழம்பிடுவோம், ரெண்டும் சேர்ந்து இங்க "தவிர"தான், காலேபையும் யோசுவாவையும் தவிர.

18ஆம் வசனத்துல "எரெக் அப்பயிம்"னு ஒண்ணு, சொல்படி "மூக்கு நீண்டவர்". எபிரேயத்துல மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல், நாமளும் மூக்குமேல கோபம்னு சொல்றோமே, ஆனா மூக்கு நீளம்னா தமிழ்ல பொறுமைன்னு யாருக்கும் தோணாது, "நீடிய சாந்தமுள்ளவர்"னு பழைய தமிழ் பைபிள்ல போட்டிருக்கிறது அருமையான தீர்வு.

1611ல வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிள்லயே இந்த "இம்" வழுக்கியிருக்கு. சங்கீதம் 95:11ல "பிரவேசிக்கக் கூடாது"ன்னு சரியா போட்டவங்க, அதே வரி எபிரெயர் 4:3ல கிரேக்கத்துல மேற்கோளா வந்தப்போ "பிரவேசித்தால்"னு விட்டுட்டாங்க. நம்ம தமிழ்ல ரெண்டு இடத்துலயும் "பிரவேசிப்பதில்லை"ன்னுதான் இருக்கு.