கனமே இல்லாத மீன்பெட்டி

கிளிநொச்சிச் சந்தையில் ஒருவர் ஐஸ் போட்ட மீன்பெட்டியைத் தூக்கும் அனிமேஷன் காட்சி. பெட்டியில் கனமே தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன், தண்ணீருக்குள் தூக்குவதுபோல் ஆனது.

சரி, பெட்டியை விட்டுவிட்டு உடம்பைத் திருத்தினேன். நொடிக்கு 24 பிரேம். முதலில் 10 பிரேமில் முழங்கால் மடிந்து இடுப்பு பின்னால் இறங்குகிறது. பிடித்ததும் கை நீண்டு இறுகுகிறது, தோள் கீழே இழுபடுகிறது; பெட்டியோ இன்னும் 8 பிரேம் அசையவே இல்லை. கனம் தெரிவது அந்த நேரத்தில்தான். அப்புறம் ஒரு மூலை கிளம்புகிறது, முதல் சாண் உயர 12 பிரேம், மிச்சம் விரைவாக.

தூக்கிய பின் முதுகு பின்னால் சாயவேண்டும். உடம்பும் பெட்டியும் சேர்ந்த எடை பாதங்களுக்கு மேலே நிற்காவிட்டால், ஆள் எவ்வளவு முக்கினாலும் பெட்டி வெறுமையாகவே தெரியும். பக்கவாட்டில் நிழலுருவாக வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும்.