குழு நேர்காணல் முடிந்ததும் அனுப்பும் நன்றி மெயில்: பேசியதில் ஒன்றைத் தொட்டு எழுதுவது எப்படி

நேர்காணல் அறையை விட்டு வெளியே வந்ததும் மெயிலைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து ஒரு மேசை வரைந்து, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று குறியுங்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் அவருடைய பெயர், பொறுப்பு, அவர் கேட்ட கேள்வி ஆகியவற்றை நினைவில் இருக்கிற வார்த்தைகளிலேயே எழுதிவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் செய்துவிட்டால் நல்லது. மூன்று பேர் மாறி மாறிக் கேட்ட கேள்விகள் மாலைக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேர்காணல் செய்யும் பக்கத்தில் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். நன்றி மெயில்களில் நான் அதிகம் பார்த்த தவறு, ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்டதாக எழுதிவிடுவது. “நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி” என்று எனக்கு மெயில் வரும். கேட்டது என் பக்கத்தில் இருந்தவராக இருக்கும். கவனித்துக் கேட்டேன் என்று காட்ட எழுதிய வரியே, கவனிக்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஒன்றே ஒன்று போதும். நீங்கள் பதில் சொன்ன பிறகு, அதே விஷயத்தில் ஒருவர் இரண்டாவது கேள்வி கேட்டாரா என்று பாருங்கள். முதல் கேள்வி பெரும்பாலும் கையில் இருக்கும் பட்டியலிலிருந்து வருவது. இரண்டாவது கேள்விதான் அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த இடத்தைப் பிடியுங்கள்.

நிறுவனத்தின் வலைத்தளத்திலேயே படிக்கக்கூடிய விஷயம் வேண்டாம். யாராவது பேச்சுவாக்கில் சொன்ன உள்விவகாரமும் வேண்டாம். அது எழுத்தில் வருவதை அவர் விரும்பமாட்டார். சரியாகப் பதில் சொல்லாத கேள்வியை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இப்போது நல்ல பதில் இருந்தால் எடுக்கலாம். ஆனால் “அப்போது பதற்றமாக இருந்தது, மன்னிக்கவும்” என்று தொடங்காமல் பதிலை மட்டும் எழுதுங்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒரு சரக்குக் கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கும் வேலை. எதிரே கிடங்கு மேலாளர், கணக்குப் பிரிவு அதிகாரி, எச்.ஆர். என மூன்று பேர். கணினியில் இருக்கும் எண்ணிக்கையும் அடுக்கில் இருக்கும் எண்ணிக்கையும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று பேச்சு வருகிறது. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் சரக்கு உடனே பதிவாகாததும் ஒரு காரணம் என்று சொல்கிறீர்கள். மேலாளர் கேட்கிறார்: “திரும்பி வர்ற சரக்கு சாயங்கால வண்டியிலதான் வருது. அந்த நேரத்துல பதிவு பண்ண ஆள் இருக்காதே?” மறுநாள் காலை வரை தனியாக ஓர் இடத்தில் வைக்கலாம் என்கிறீர்கள். “எங்களுக்கு அங்கதான் கலந்துடுது” என்கிறார் அவர். அதற்குள் நேரமாகிவிட, பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

பாதியில் நின்ற அந்தப் பேச்சைத்தான் மெயிலில் தொட வேண்டும்.

எழுதுவது

பெரும்பாலானவர்கள் இங்கே எழுதுவது: “இருப்பு மேலாண்மை குறித்த நமது கலந்துரையாடல் மிகவும் பயனுள்ளதாக இருந்தது.” அன்றைக்கு வந்த எல்லா விண்ணப்பதாரர்களும் இந்த வரியை அப்படியே அனுப்பலாம். நீங்கள் எழுதிய வரியையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். வேறு ஒருவர் பெயர் போட்டாலும் பொருந்தும் என்றால் அடித்துவிடுங்கள்.

மேலாளருக்குப் போகிற மெயில் இப்படி இருக்கலாம்:

> தலைப்பு: நன்றி – இருப்புக் கணக்கர் பணிக்கான இன்றைய நேர்காணல்
>
> வணக்கம் ஐயா,
>
> இன்று காலை நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி.
>
> மாலை வண்டியில் திரும்பி வரும் சரக்கை மறுநாள் வரை தனியாக வைக்கலாம் என்று நான் சொன்னபோது, அங்கேதான் கலந்துவிடுகிறது என்றீர்கள். பிறகும் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பெட்டியிலும் தேதியும் வண்டி எண்ணும் எழுதிய சிவப்புச் சீட்டு ஒட்டலாம். சீட்டு இருக்கும்வரை பெட்டி அடுக்குக்குப் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், பதிவு செய்ய ஆள் இல்லாத நேரத்திலும் கலக்க வாய்ப்பு குறையும். காலையில் பதிவு செய்தபின் சீட்டை எடுத்துவிடலாம். உங்கள் கிடங்கின் நடைமுறைக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.
>
> இந்தப் பணியில் சேர்ந்து வேலை செய்ய ஆவலாக இருக்கிறேன். வேறு விவரம் தேவைப்பட்டால் அனுப்பிவைக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (உங்கள் பெயர், தொலைபேசி எண்)

நடுப் பத்தியைக் கவனியுங்கள். நீங்கள் சொன்னது, அவர் சொன்னது, பிறகு உங்களுக்குத் தோன்றியது என்று மூன்று படிகள் இருக்கின்றன. மூன்றாவது படி இல்லாவிட்டால் அது வெறும் நினைவூட்டல்தான். அதே சமயம் “உங்கள் பிரச்சினைக்கு இதுதான் தீர்வு” என்ற தொனி வரக் கூடாது. ஒரு மணி நேரம் பேசியதை வைத்து அவருடைய கிடங்கை நீங்கள் முழுதாக அறிந்திருக்க முடியாது. அதனால்தான் கடைசி வரியில் முடிவை அவரிடமே விட்டிருக்கிறோம். நான்கு பக்கத் திட்டம் எழுதி இணைப்பதும் வேண்டாம். கைபேசித் திரையில் ஓரிரு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும்.

சம்பளம், முடிவு எப்போது தெரியும் என்பதையெல்லாம் இந்த மெயிலில் கேட்காதீர்கள். கேட்டால் நன்றி அதற்கான முன்னுரை ஆகிவிடும்.

மற்ற இருவருக்கு

மூவரையும் சிசியில் போட்டு ஒரே மெயில் அனுப்புவதை விடத் தனித்தனியாக அனுப்புவது நல்லது. ஆனால் பெயரை மட்டும் மாற்றி அதையே அனுப்பாதீர்கள். குழுவில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள், மெயில்களையும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். கணக்குப் பிரிவு அதிகாரி மாதக் கடைசிக் கணக்கு முடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தால், அவருக்கு அதைத் தொட்டு இரண்டு வரி எழுதுங்கள். எச்.ஆர். உங்களிடம் நடைமுறை விவரங்கள் மட்டும்தான் பேசினார் என்றால், ஏற்பாடு செய்ததற்கு நேரடியாக ஒரு நன்றி போதும். பேசாததைப் பேசியதாக இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

பல நேரங்களில் எச்.ஆர். முகவரி மட்டும்தான் கையில் இருக்கும். மற்றவர்கள் முகவரியை ஊகித்து அனுப்பாமல், நேர்காணலுக்கு அழைத்து வந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். “குழுவில் இருந்த மற்றவர்களுக்கும் இதைத் தெரிவிக்க முடியுமா?” என்று ஒரு வரி சேருங்கள். அப்போது எல்லோருக்கும் ஒரே மெயில் என்பதால், “கிடங்கு மேலாளர் கேட்ட கேள்வி” என்று யார் கேட்டது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். மேசை வரைந்த தாள் இங்கே மறுபடி கைகொடுக்கும்.

அனுப்புமுன்

அன்று மாலையே அனுப்பலாம். 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். குழு கூடி முடிவெடுத்த பிறகு வரும் மெயிலால் பயன் குறைவு. பெயர்களையும் முன்னெழுத்துகளையும் அழைப்பு மெயிலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மெயில்களை வரிசையாக அனுப்பும்போது, ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குப் போய்விடுவது எளிது. அதனால் பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள்.

இந்த மெயிலுக்குப் பதில் வராமல் போகலாம். முடிவு வரும்வரை விண்ணப்பதாரர்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்று சில இடங்களில் குழுவினரிடம் சொல்லிவைப்பார்கள். பதில் இல்லையே என்று இரண்டாவது நன்றி மெயில் அனுப்ப வேண்டாம். முடிவைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால், அவர்கள் சொன்ன தேதி கடந்த பிறகு அதை மட்டும் தனியாக எச்.ஆரிடம் கேளுங்கள்.