இன்டர்ன்ஷிப் அறிவிப்பு: "15,000 வரை" என்று போட்டால் மாணவர்கள் ஏன் விண்ணப்பிப்பதில்லை?

"ஸ்டைபெண்ட்: 15,000 ரூபாய் வரை. காலம்: 3 முதல் 6 மாதம். இடம்: ரிமோட், தேவைப்பட்டால் அலுவலகம்."

சின்ன ஸ்டார்ட்அப்கள் போடும் அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மூன்றையும் சொல்லிவிட்டதாக நிறுவனர் நினைக்கிறார். ஆனால் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இதைப் படிக்கும் மாணவிக்கு எவ்வளவு கிடைக்கும், எப்போது முடியும், எங்கே உட்கார்ந்து வேலை செய்வது என்று எதுவும் தெரிவதில்லை. வீட்டில் கேட்டால் சொல்லவும் அவளிடம் பதில் இல்லை.

முதல் தவறு "வரை" என்ற சொல். மாணவர்கள் அதை 15,000 என்று படிப்பதில்லை. 3,000 கூட ஆகலாம் என்றுதான் படிக்கிறார்கள். "பெர்ஃபாமன்ஸைப் பொறுத்து" என்று சேர்த்தால் அது பூஜ்யம் வரை இறங்கிவிடும். நிச்சயமாகக் கொடுக்கப்போகும் தொகையை எழுதுங்கள். ஊக்கத்தொகை இருந்தால் தனி வரியில், எதற்காக என்ற விவரத்தோடு சொல்லுங்கள். முதல் மாதம் பயிற்சி, அதற்குப் பணம் இல்லை என்றால் அதையும் இங்கேயே சொல்ல வேண்டும். மாதம் 10,000 வீதம் நான்கு மாதம் என்று பார்த்து வருபவர் 40,000 எதிர்பார்ப்பார். சேர்ந்த பிறகு 30,000தான் என்று தெரிந்தால், நடுவிலேயே விட்டுவிட்டுப் போவதைக் குற்றம் சொல்ல முடியாது. வரிப் பிடித்தம் செய்வதாக இருந்தால் கையில் வரும் தொகையைப் போடுங்கள், எந்தத் தேதியில் வரும் என்பதையும். பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று எதுவும் வாங்குவதில்லை என்ற ஒரு வரியும் தேவை. இன்டர்ன்ஷிப் பெயரில் பணம் பறிக்கும் கும்பல்கள் இருப்பது மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

காலத்தில் நடக்கும் தவறு, கல்லூரி நாட்காட்டியைப் பார்க்காதது. பொறியியல் கல்லூரிகளில் நவம்பர், டிசம்பர் என்றால் செமஸ்டர் தேர்வு. அப்போது "உடனே சேர வேண்டும்" என்றால் நல்ல மாணவர் யாரும் வரமாட்டார். இறுதியாண்டின் எட்டாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட்தான் பிரதானம் என்பதால் ஜனவரியிலிருந்து முழுநேரமாக வர முடியும். மூன்றாம் ஆண்டு மாணவருக்குக் கோடை விடுமுறை மட்டுமே. "3 முதல் 6 மாதம்" என்பதில் எது என்று முடிவு செய்வது யார்? தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ரிவியூ நாளில் விடுப்பு உண்டா என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே வராது. கல்லூரியில் தடையில்லாச் சான்று வாங்கவும் சில நாட்கள் பிடிக்கும், அதற்கு இடம் விடுங்கள்.

அதிகம் பேரை விரட்டுவது ரிமோட் பற்றிய வரிதான். அலுவலகம் சென்னையில், மாணவி திருநெல்வேலியில் என்று வைத்துக்கொள்வோம். "தேவைப்பட்டால்" என்பது மாதம் ஒருமுறையா, இரண்டாம் மாதத்திலிருந்து தினமுமா? தினமும் என்றால் பிஜி வாடகையும் சாப்பாடும் போக 10,000 ரூபாயில் மிச்சம் எதுவும் இருக்காது. மாதம் ஒருமுறை என்றால் ரயில் டிக்கெட்டும் தங்கும் இடமும் யார் செலவு? முழுக்க ரிமோட் என்றாலும் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஆன்லைனில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம், லேப்டாப். ஆண்ட்ராய்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறீர்கள், மாணவியிடம் இருப்பது 8 ஜிபி ரேம். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்துத் திறந்தால் அது திணறும். நிறுவனம் லேப்டாப் தருமா, சொந்தத்தில் என்ன இருக்க வேண்டும் என்று முன்பே எழுதாவிட்டால் முதல் வாரம் முழுக்க இதிலேயே போய்விடும்.

அதே அறிவிப்பை இப்படி எழுதலாம்:

"ஆண்ட்ராய்ட் இன்டர்ன், 2 பேர். ஜனவரி 5 முதல் ஏப்ரல் 30 வரை. கையில் மாதம் 10,000 ரூபாய், முதல் மாதமும் உட்பட. அடுத்த மாதம் 5ஆம் தேதி வங்கிக் கணக்கில் வரும். திங்கள் முதல் வெள்ளி வரை, வாரம் 35 மணி நேரம். இதில் காலை 11 முதல் மாலை 4 வரை கட்டாயம் ஆன்லைனில் இருக்க வேண்டும்; மீதி நேரம் உங்கள் வசதிப்படி. வீட்டிலிருந்தே வேலை. முதல் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சென்னை அலுவலகம்; பயணமும் தங்குமிடமும் எங்கள் செலவு. 16 ஜிபி ரேம் லேப்டாப் இல்லாதவர்களுக்கு நாங்கள் தருகிறோம். ப்ராஜெக்ட் ரிவியூ நாட்களில் விடுப்பு உண்டு. எந்தக் கட்டணமும் இல்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 10. முடிவு டிசம்பர் 18க்குள்."

10,000 தர முடியாத நிறுவனம் 6,000 என்று போடட்டும், அதற்கேற்ப வாரம் 20 மணி நேரமாகக் குறைக்கட்டும். படிப்போடு சேர்த்துச் செய்ய முடிந்தால் அதற்கும் ஆள் வருவார்கள். ஆபர் லெட்டரிலும் இதே தொகை, இதே தேதிகள், இதே ரிமோட் வரி அப்படியே வர வேண்டும். சான்றுக்காக மாணவி அந்தக் கடிதத்தைக் கல்லூரியில் கொடுக்கும்போது ப்ளேஸ்மென்ட் அதிகாரி அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டும் வேறாக இருந்தால், அடுத்த ஆண்டு உங்கள் அறிவிப்பு அந்த வாட்ஸ்அப் குழுவுக்கே போகாது.