எம்பிஏவா, எம்எஸ்ஸியா: கடன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கும்பகோணத்தில் ஒரு பொறியியல் பட்டதாரி. வயது 24, சென்னை ஐடி நிறுவனத்தில் 2 வருட அனுபவம், ஆண்டுக்குக் கையில் 5 லட்சம். இங்கிலாந்தில் ஓராண்டுப் படிப்புக்குப் போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அனுபவத்தைப் பாருங்கள். நல்ல எம்பிஏ வகுப்புகளில் சராசரி அனுபவம் 5 வருடத்தை ஒட்டி இருக்கும். 2 வருடத்துக்கும் இடம் தரும் கல்லூரிகள் உண்டு. சிக்கல் வேலை தேடும்போதுதான் வரும். மேலாளர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பட்டத்தோடு பழைய அனுபவத்தையும் பார்ப்பார்கள். அது இல்லையென்றால், எம்எஸ்ஸி முடித்தவருக்குக் கிடைக்கும் தொடக்கநிலை வேலைதான் இவருக்கும். ஆறு வருடம் வேலை பார்த்து ஒரு குழுவை நடத்துபவருக்கோ நிலைமை தலைகீழ்: எம்எஸ்ஸி அவரைத் திரும்பக் கீழ்ப்படியில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அடுத்து செலவு. எம்எஸ்ஸிக்குக் கட்டணம் 26 லட்சம், எம்பிஏவுக்கு 40 லட்சம், இரண்டுக்கும் தங்கிச் சாப்பிட 14 லட்சம் என்று போடுவோம். விட்டுப்போகும் சம்பளம் 5 லட்சத்தையும் சேர்த்தால் 45 லட்சம், 59 லட்சம். இந்த 5 லட்சத்தைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மூன்றாவது படியில்தான் முடிவு தெரியும். கட்டணமும் தங்கும் செலவும் முழுக்கக் கடன், வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை ஆரம்பம் என்றால், இரண்டு வருட வட்டி அசலோடு சேர்ந்து எம்எஸ்ஸிக் கடன் 48 லட்சமாகவும் எம்பிஏ கடன் 64.8 லட்சமாகவும் நிற்கும். பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 63,400 ரூபாய், 85,600 ரூபாய்.

இதை லண்டன் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். அங்கே படிப்புக்குப் பிந்தைய விசா இரண்டு வருடம்தான். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அதற்குள் வேலை அமையாமல் சென்னைக்குத் திரும்பி, மாதம் 90,000 கையில் வந்தால்? எம்எஸ்ஸி என்றால் 26,600 மிஞ்சும், இழுத்துப் பிடித்து ஓட்டலாம். எம்பிஏ என்றால் மிஞ்சும் 4,400 அறை வாடகைக்கே காணாது. இவருக்கு எம்எஸ்ஸிதான் சரி. கல்லூரி விளம்பரத்தில் போடும் சராசரிச் சம்பளத்தில் பழுத்த அனுபவக்காரர்களின் சம்பளமும் கலந்திருக்கும் என்பதால் அதை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

கடைசியாக ஜாமீன். ‘நாலு வேலி நஞ்சை இருக்கிறதே’ என்று டெல்டாக் குடும்பங்கள் தைரியமாக இருப்பதுண்டு. ஆனால் கடனைக் கட்டாவிட்டால் ஜாமீன் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி விவசாய நிலத்தை எடுக்க முடியாது; அதனால் வங்கிகள் பொதுவாக அதை ஏற்பதில்லை. வீடு, அங்கீகாரம் பெற்ற மனை, வைப்புத்தொகை இவைதான் எடுபடும். வீடு அப்பா, சித்தப்பா பேரில் கூட்டுப் பட்டாவாக இருந்தால் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டிவரும். ஆகவே விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றோடு வங்கியின் வழக்கறிஞரிடம் போய்க் காட்டிவிடுங்கள்.