கண்டதும் காதல்: அந்தக் கதையை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

“முதல்முறை பார்த்தபோதே இவர்தான் என்று தெரிந்துவிட்டது” என்று சொல்லும் தம்பதிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் நினைவில் அது அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் அந்த நினைவையே சான்றாக வைத்து, கண்டதும் காதல் என்று ஒன்று இருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒருவரிடம் முதல் நாளைப் பற்றிக் கேட்டால், பதில் அந்த ஐந்து வருடத்தையும் தாண்டித்தான் வந்து சேர்கிறது.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பு இங்கேதான். பழைய கதைகளோடு நிற்காமல், சம்பவம் நடக்கும்போதே பிடிக்கப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 400 பேர் பங்கேற்றார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். சிலருக்கு முன்பின் தெரியாதவர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். சிலரை டேட்டிங் நிகழ்ச்சிகளில் நேருக்கு நேர் சந்திக்க வைத்தார்கள். சந்தித்த சூட்டோடு, “இந்த நபர்மீது எனக்குக் கண்டதும் காதல் உண்டாகிறது” என்ற வாக்கியத்துக்கு எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று கேட்டார்கள். கூடவே நெருக்கம், வேட்கை, பிணைந்திருக்கும் உறுதி ஆகியவற்றையும் அளந்தார்கள். காதலை ஆராய்பவர்கள் வழக்கமாக அளக்கும் மூன்று கூறுகள் இவை.

32 பேர், மொத்தம் 49 முறை, ஆமாம் என்றார்கள். ஆகவே அந்த அனுபவம் உண்மையானது. யாரும் பின்னால் புனைந்துகொள்ளாமல் அந்த இடத்திலேயே அப்படி உணர்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய மற்ற விடைகளைப் பார்த்தால், அந்த நொடியில் நெருக்கமும் உறுதியும் உயர்ந்திருக்கவில்லை. வேட்கைகூட உயர்ந்திருக்கவில்லை. தெளிவாக உயர்ந்திருந்தது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் அழகாக இருக்கிறார் என்ற மதிப்பீடு. அளவுகோலில் அழகுக்கான மதிப்பெண் ஒரு படி ஏறினால், கண்டதும் காதல் என்று சொல்லும் வாய்ப்பு சுமார் ஒன்பது மடங்கு ஏறியது. இது தனி வகைக் காதல் இல்லை, வலுவான முதல் ஈர்ப்புக்குச் சிலர் சூட்டும் பெயர் என்பதே ஆய்வாளர்கள் வந்தடைந்த முடிவு.

அதே ஆய்வு இன்னொரு பரவலான நம்பிக்கையையும் அசைக்கிறது. கண்கள் சந்தித்தன, இருவருக்கும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது என்பார்களே, நேரில் சந்தித்தவர்களிடையே அப்படி ஒரு ஜோடிகூட அகப்படவில்லை. ஒருவர் ஆமாம் என்றபோது எதிரில் இருந்தவர் சொல்லவில்லை. நிகழ்ச்சிகள் சிறியவை என்பதால் இருவருக்கும் ஒருசேர நேரவே நேராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அந்த நம்பிக்கையில் அடுத்த அடி வைப்பது ஆபத்தான தவறு. மறுப்பைக் கூச்சம் என்று படிக்கத் தொடங்குவது பல சமயம் இங்கிருந்துதான்.

“ஆள் எப்படி என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது” என்ற உறுதியையும் சந்தேகிக்க வேண்டும். 2006-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் இருவர், தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா, அழகானவரா என்று கேட்டார்கள். அவ்வளவு நேரத்திலேயே மக்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கூடுதல் நேரம் தந்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, தீர்ப்பின்மேல் இருந்த நம்பிக்கைதான் வளர்ந்தது. தெரிந்துகொண்ட உணர்வு, தெரிந்துகொள்வதற்கு முன்பே வந்துவிடுகிறது.

இனி நினைவுக்கு வருவோம். கதை இவ்வளவு உறுதியாக ஒலிப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், காதலிப்பவர்களிடம் தங்கள் இணையைப் பற்றி மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி போடச் சொல்லி, முதல்முறை என்ன போட்டீர்கள் என்றும் கேட்டார்கள். இடையில் பிரியம் கூடியவர்கள், முன்பு தாங்கள் போட்டதைவிட நல்ல மதிப்பெண் போட்டதாக நினைவுகூர்ந்தார்கள். பிரியம் குறைந்தவர்கள் குறைவாகப் போட்டதாகச் சொன்னார்கள். இன்றைய மனநிலையை அளவாக வைத்து நேற்றைத் தைத்துக்கொள்கிறது மனம்.

ஒரு கற்பனை ஜோடியை வைத்துப் பார்க்கலாம். தோழியின் திருமண வரவேற்பில் அவன் அவளைப் பார்க்கிறான். அழகாக இருக்கிறாள் என்று தோன்றுகிறது, ஒரு படபடப்பு. அதே மாதத்தில் ரயிலில் ஒருத்தியைப் பார்த்தும், அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தியைப் பார்த்தும் அதே படபடப்பு வந்திருந்தது. ரயில் பெண்ணை மறுபடி பார்க்கவில்லை. அலுவலகப் பெண்ணோடு பேச்சு ஒட்டவில்லை. வரவேற்பில் பார்த்தவளை மூன்று வாரம் கழித்து நண்பர்கள் கூட்டத்தில் சந்திக்கிறான், பேசுகிறார்கள், பழகுகிறார்கள், திருமணம் நடக்கிறது. பிறகு “எப்படிச் சந்தித்தீர்கள்?” என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறார்கள். மூன்று வாரத் தயக்கத்தைச் சொன்னால் கேட்பவர் முகம் மலர்வதில்லை. அவள் திரும்பிப் பார்த்த நொடியைச் சொன்னால் மலர்கிறது. பத்தாவது முறை சொல்லும்போது அந்த நொடி மட்டும் மிஞ்சுகிறது. மற்ற இரண்டு படபடப்புகளும் கணக்கிலேயே இல்லை. மூன்றில் ஒன்று பலித்தது என்பது, பார்த்ததும் தெரிந்துவிட்டது என்று ஆகிவிட்டது.

உங்கள் கதையையே சோதிக்க விரும்பினால், இருவரும் தனித்தனியே, கலந்து பேசாமல், முதல் சந்திப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். எங்கே, யார் முதலில் பேசியது, வீட்டுக்குப் போகும்போது மனதில் என்ன இருந்தது என்று மட்டும். பிறகு அந்த வாரத்தின் பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடிப் பாருங்கள். அன்றிரவு வேறு நண்பர்களுக்கு அனுப்பியவை கூடுதல் பயன் தரும், ஏனென்றால் முடிவு தெரியாமல் எழுதியவை அவை. இப்போதுதான் யாரையாவது சந்தித்திருக்கிறீர்கள் என்றால் வேலை இன்னும் எளிது: அன்றே தேதியிட்டு, அழகு, பேச்சில் இலகு, நம்பிக்கை, மறுபடி பார்க்கும் ஆசை ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போட்டு மூடி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, அதைத் திறக்காமலே, அன்று என்ன போட்டீர்கள் என்று எழுதி ஒப்பிடுங்கள். நம்பிக்கைக்கு உயர்ந்த மதிப்பெண் இருந்தால், அதற்கு ஆதாரமாக அவர் செய்த ஒரு காரியத்தையாவது எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது அழகிலிருந்து கடன் வாங்கிய மதிப்பெண்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேர் எதிர்த் தவறில் விழுபவர்களும் உண்டு: கண்டதும் ஈர்ப்பில் தொடங்கிய உறவு நிலைக்காது என்று தீர்ப்பெழுதுவது. தரவு அப்படிச் சொல்லவில்லை. 2007-இல் 137 டச்சுத் தம்பதிகளை ஆராய்ந்தபோது, கண்டதும் காதலித்ததாகச் சொன்னவர்கள் சீக்கிரம் சேர்ந்திருந்தார்கள், குணத்தில் ஒருவருக்கொருவர் அதிகம் வேறுபட்டும் இருந்தார்கள். உறவின் தரம் மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாக இல்லை. மறுபக்கம், கனடா ஆய்வாளர்கள் சுமார் 1,900 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் உறவு நட்பில் தொடங்கியதாகச் சொன்னார்கள். முதல் பார்வையில் ஒன்றும் தோன்றாத ஒருவரை அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடுகிறவர், உறவுகள் அதிகம் தொடங்கும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார்.